ஆங்கர் லீடும் பேக்கேஜும் ஒட்டாதபோது: புல்லட்டின் ஸ்கிரிப்டைச் சரிசெய்யும் வழிமுறை

மதுரையில் ஓர் உள்ளூர் சேனலின் டெஸ்கில் உட்கார்ந்து, மதிய புல்லட்டினை மாலை ஏழு மணிக்குத் திருத்தி எழுதுபவர்களுக்கான குறிப்பு இது. திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் பெரும்பாலும் செய்தியில் இருப்பதில்லை. செய்தி வாசிப்பவர் முடிக்கும் இடத்துக்கும் செய்தியாளரின் குரல் தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள மூட்டில்தான் இருக்கின்றன.

ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவு குறைந்த வழியை முதலில் சொல்கிறேன். செய்தி வாசிப்பவர் படிக்கும் முன்னுரையான லீடைத் திருத்துவது டெஸ்க் வேலை, இரண்டு நிமிடத்தில் முடியும். செய்தியாளரின் குரலும் படமும் சேர்ந்த பேக்கேஜில் ஒரு வரியை வெட்டுவதற்கு எடிட்டர் டைம்லைனைத் திறக்க வேண்டும். செய்தியாளரை மறுபடி குரல் பதியச் சொல்வதுதான் அதிகச் செலவு, ஏனென்றால் அவர் அதற்குள் அடுத்த செய்திக்காக மேலூர்ப் பக்கம் போயிருப்பார்.

எடுத்துக்காட்டாக வைகை அணைச் செய்தியையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. நம் கதையில் காலையில் 66 அடி, செய்தியாளர் அணைக்குப் போய்ப் பேக்கேஜ் அனுப்பிவிட்டார். மாலை ஆறு மணிக்கு 68.5 அடி. நேரமும் ஸ்கிரிப்ட் வரிகளும் நான் போட்டுக்கொண்டவை.

## அறிகுறி: ஒரே செய்தியை இரண்டு முறை கேட்பதுபோல் இருக்கிறது

வாசிப்பவர் சொல்கிறார்: “வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியை எட்டியதால் கரையோர மக்களுக்கு முதல்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது.” படம் மாறுகிறது. செய்தியாளர் குரல்: “வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியை எட்டியுள்ள நிலையில், கரையோர மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது.”

முதல் காரணம்: டெஸ்க், பேக்கேஜின் முதல் வரியை எடுத்து லீடாகப் போட்டுவிட்டது. அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான். லீடின் கடைசி வாக்கியத்தையும் பேக்கேஜின் முதல் வாக்கியத்தையும் அடுத்தடுத்து எழுதி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணால் படித்தால் தெரியாது, காதில் விழுந்தால் உடனே தெரியும். லீடை மட்டும் மாற்றினால் போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேக்கேஜ் அணையைப் பற்றிப் பேசுகிறது என்றால், லீட் ஆற்றங்கரையைப் பற்றிப் பேசட்டும்: “மதுரையில் வைகைக் கரையோரம் இருப்பவர்கள் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டுள்ளனர். வைகை அணையின் நீர்மட்டம் எச்சரிக்கை அளவைத் தாண்டியதே இதற்குக் காரணம்.” ஊர்க்காரர் ‘நமக்கென்ன’ என்று கேட்கும் கேள்விக்கு லீடில் பதில் இருக்கிறது, அணையின் கதை பேக்கேஜில் வருகிறது.

இரண்டாவது காரணம்: பேக்கேஜே லீட் மாதிரி தொடங்குகிறது. தனியாக ஓடும்போது புரிய வேண்டும் என்று செய்தியாளர் முதல் வரியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அந்த முதல் வரியை எடிட்டரிடம் சொல்லி வெட்டலாம். ஆனால் வெட்டுவதற்கு முன் இரண்டாவது வாக்கியம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். “இதையடுத்து”, “இதனால்”, “அவர்கள்” என்று தொடங்கினால், முதல் வரியை வெட்டியதும் அந்தச் சொல் அந்தரத்தில் நிற்கும். அதற்கு உரிய பொருளை லீடின் கடைசி வாக்கியத்தில் கொடுத்துவிட வேண்டும். லீட் “…எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது” என்று முடிந்து, பேக்கேஜ் “இதையடுத்து ஆற்றங்கரைகளில்…” என்று தொடங்கினால் நன்றாகவே ஒட்டும். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு வேறொருவர் லீடை மாற்றினால் ஒட்டு விட்டுப்போகும். அதனால் அந்த லீடின் மேலேயே “கடைசி வரியை மாற்ற வேண்டாம்” என்று ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

மூன்றாவது காரணம்: சொல்வதற்கு வேறு எதுவுமே இல்லை. லீடில் உள்ளதைத் தவிரப் பேக்கேஜில் புதிதாக ஒரு தகவலும் இல்லாமல் ஒன்றரை நிமிடம் தண்ணீர் ஓடுகிறது. அப்படியானால் பேக்கேஜ் வேண்டாம். வாசிப்பவர் குரலிலேயே அரை நிமிடம் படத்தோடு முடித்துவிடலாம். செய்தியாளர் வருத்தப்படுவார்தான். யாராவது கேமரா முன் பேசிய நல்ல பைட் ஒன்று இருந்தால் அதை மட்டும் எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே “இதுகுறித்து விவரிக்கிறது இந்தச் செய்தித் தொகுப்பு” என்ற வரியைப் பற்றியும் சொல்லிவிடலாம். பார்ப்பவருக்கு அது ஒன்றும் சொல்வதில்லை. ஆனாலும் அது இவ்வளவு நாள் பிழைத்திருக்கக் காரணம் உண்டு: அந்த வரியைக் கேட்டதும் கன்ட்ரோல் ரூமில் பேக்கேஜை ஓட விடுவார்கள். சிக்கல் என்னவென்றால், பேக்கேஜ் ஏறவில்லை என்றால் வாசிப்பவர் ‘விவரிக்கிறது’ என்று சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். லீடை மட்டும் படித்துப் பாருங்கள். பேக்கேஜ் இல்லாமலும் அது முழுச் செய்தியாக நிற்க வேண்டும். நின்றால், பேக்கேஜை ஓட விடுவதற்கான ரோல் கியூவாக லீடின் கடைசி மூன்று சொற்களை, புல்லட்டினின் வரிசைப் பட்டியலான ரன்டவுனில் எழுதிக் கொடுத்தாலே கன்ட்ரோல் ரூமுக்குப் போதும்.

## அறிகுறி: வாசிப்பவர் ஒன்று சொல்கிறார், பேக்கேஜ் வேறொன்று சொல்கிறது

ஏழு மணி புல்லட்டினில் லீட் “68.5 அடி, இரண்டாம் கட்ட எச்சரிக்கை” என்கிறது. அடுத்த நொடியே செய்தியாளர் “66 அடி, முதல்கட்ட எச்சரிக்கை” என்கிறார். டிக்கரில் மூன்றாவதாக ஓர் எண் ஓடுகிறது. நான் பார்த்த கோளாறுகளில் இதுதான் மோசமானது. ஆற்றுக்குள் மாடு கட்டியிருப்பவர் எதை நம்புவார்?

லீடால் சரிசெய்ய முடியுமா? முடியும், பேக்கேஜில் நேரம் சொல்லப்பட்டிருந்தால். “காலை நிலவரப்படி 66 அடி” என்று செய்தியாளர் சொல்லியிருந்தால் லீடில் இப்படி எழுதலாம்: “வைகை அணையின் நீர்மட்டம் மாலை ஆறு மணிக்கு அறுபத்தெட்டரை அடியைத் தொட்டது. இரண்டாம் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது. காலையில் முதல் எச்சரிக்கை வந்தபோது அணையில் இருந்த நிலவரம் இது.” கடைசி வாக்கியம் பேக்கேஜைக் காலைக்கு உரியதாக்கிவிடுகிறது. ஒரு வரியில் வேலை முடிந்தது.

பேக்கேஜில் “இன்று”, “தற்போது”, “சற்று முன்” இருக்கிறதா? தேடிப் பாருங்கள். “தற்போது 66 அடி” என்று குரல் பதிவாகியிருந்தால் லீடால் காப்பாற்ற முடியாது. அந்த வாக்கியத்தை எடிட்டரை வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய இடத்தில் மதகு, தண்ணீர்ச் சத்தத்தோடு மூன்று விநாடி படம் ஓடினால் போதும், யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை புல்லட்டினுக்கு அதே பேக்கேஜை எடுக்கப்போகிறீர்கள் என்றால் “இன்று” என்ற சொல்லும் போக வேண்டும்.

எண் பைட்டிலோ, செய்தியாளரே கேமராவைப் பார்த்துப் பேசும் பிடிசியிலோ இருக்கிறதா? அதிகாரி கேமரா முன் “இப்ப 66 அடி இருக்கு” என்கிறார். அவர் வாயில் இருப்பதை நாம் மாற்ற முடியாது. அந்தப் பகுதியை விட்டுவிட்டு, ‘மக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம்’ என்று அவர் கேட்டுக்கொள்ளும் பகுதியை மட்டும் வைக்கலாம். செய்தியாளரின் பிடிசியிலேயே எண் இருந்தால் பிடிசியைத் தூக்கிவிட்டு, ஊரும் பெயரும் சொல்லி முடிக்கும் சைன் ஆஃபை மட்டும் குரலாக வைக்க வேண்டும். இதற்கு மேலும் ஒட்டவில்லை என்றால் செய்தியாளரைக் கூப்பிடுங்கள். போனில் அவர் பேசி அனுப்பும் இரண்டு வரிக் குரல் பதிவு, ஸ்டுடியோ தரத்தில் இல்லாவிட்டாலும் தப்பான எண்ணைவிட நல்லது.

இந்தக் கோளாறு வராமல் இருக்க ஒரே வழிதான் உண்டு. மாறக்கூடியதெல்லாம் லீடில் இருக்கட்டும், மாறாதது பேக்கேஜில் இருக்கட்டும். நீர்மட்டம், திறக்கப்படும் கன அடி, எத்தனாவது எச்சரிக்கை என்பவை மணிக்கு மணி மாறும். அணையின் முழு உயரம் 71 அடி என்பதும், எந்த அளவில் எந்த எச்சரிக்கை என்பதும், தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு எச்சரிக்கை போகிறது என்பதும் மாறாது. காலையில் செய்தியாளர் கிளம்பும்போதே “எண்ணைக் குரலில் சொல்லாதீர்கள், எழுதி அனுப்புங்கள்” என்று சொல்லிவிட்டால், அந்தப் பேக்கேஜ் இரவு வரை உயிரோடு இருக்கும். ஜல்லிக்கட்டு நாளிலும் இதே கதைதான். அவனியாபுரத்தில் எத்தனை காளை அவிழ்த்தாகிவிட்டது, எத்தனை பேர் காயம் என்பது பேக்கேஜ் குரலில் இருந்தால் அடுத்த புல்லட்டினுக்குள் கெட்டுப்போகும்.

## அறிகுறி: வாசிப்பவர் நடுவில் திணறுகிறார்

பெரும்பாலும் பழியை வாசிப்பவர் மேல் போடுவார்கள். முதலில் ஸ்கிரிப்டைப் பாருங்கள்.

“தேனி மாவட்டம் ஆண்டிபட்டி அருகே உள்ள 71 அடி உயரம் கொண்ட வைகை அணையின் நீர்மட்டம் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் பெய்துவரும் தொடர்மழை காரணமாக நீர்வரத்து அதிகரித்ததால் 68.50 அடியை எட்டியதைத் தொடர்ந்து ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கு இரண்டாம் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது.”

பத்திரிகையில் இதைப் படிக்கலாம். வாயால் வாசிக்க முடியாது. வினை கடைசியில்தான் வருகிறது என்பதால், என்ன நடந்தது என்று கேட்பவருக்குத் தெரிவதற்குள் வாசிப்பவருக்கு மூச்சு தீர்ந்துவிடும். ‘ஆல்’, ‘தொடர்ந்து’, ‘காரணமாக’ என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் வாக்கியத்தை முடிக்கலாம்:

“வைகைக் கரையோர மக்களுக்கு இரண்டாம் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது. அணையின் நீர்மட்டம் அறுபத்தெட்டரை அடிக்கு வந்துவிட்டது. மலைப்பகுதியில் மழை நிற்காததால் நீர்வரத்து இன்னும் குறையவில்லை.”

71 அடி, ஆண்டிபட்டி, ஐந்து மாவட்டம் எல்லாம் எங்கே போயின? பேக்கேஜுக்குப் போயின. அவை மாறாதவை.

எண்ணை பிராம்ப்டரில் எழுத்தாக எழுதுங்கள். 68.50 என்று இருந்தால் ஒருவர் ‘அறுபத்தெட்டு புள்ளி ஐந்து’ என்பார், இன்னொருவர் ‘புள்ளி ஐம்பது’ என்பார், மூன்றாமவர் அரை விநாடி நின்று யோசிப்பார். ‘அறுபத்தெட்டரை’ என்று எழுதினால் எல்லோரும் ஒரே மாதிரி வாசிப்பார்கள். கிராபிக்ஸில் மட்டும் 68.5 என்று இலக்கமாகவே இருக்கட்டும். கன அடிக் கணக்கை லீடில் உருட்டிச் சொல்லுங்கள். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது என்பதை ‘இரண்டாயிரத்து முந்நூறு கன அடிக்கு மேல்’ என்றால் போதும்.

இவ்வளவு செய்தும் திணறினால் பிராம்ப்டரின் வேகத்தையோ எழுத்தின் அளவையோ பாருங்கள். அது ஸ்கிரிப்ட் எழுதுபவர் கையில் இல்லை, பிராம்ப்டர் ஓட்டுபவரைக் கூப்பிட வேண்டும்.

## அறிகுறி: பேக்கேஜ் முடிந்ததும் ஸ்டுடியோவில் மௌனம், அல்லது செய்தியாளர் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ரன்டவுனில் எழுதியிருக்கும் அவுட் கியூவும் பேக்கேஜில் உண்மையில் பேசப்படும் கடைசிச் சொற்களும் வேறு வேறு.

முதலில் அவுட் கியூவைச் சரிபாருங்கள். ஸ்கிரிப்ட் தாளைப் பார்த்து அல்ல, எடிட் ஆன பேக்கேஜின் கடைசிப் பத்து விநாடியைக் கேட்டு. ஸ்கிரிப்டில் “வைகை அணையிலிருந்து ஒளிப்பதிவாளருடன் செய்தியாளர்” என்று இருக்கும். பதியும்போது அவர் வரிசையை மாற்றிச் சொல்லியிருப்பார். காதில் கேட்பதை அப்படியே ரன்டவுனில் எழுதுங்கள், கூடவே மொத்த நேரத்தையும்: “1 நிமிடம் 35 விநாடி, முடியும் சொல்: …”

அதே சொற்கள் நடுவிலும் வருகின்றனவா? இதைப் பலர் யோசிப்பதில்லை. அவுட் கியூவாக “எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது” என்று எழுதிவிட்டால், அது பேக்கேஜின் இருபதாவது விநாடியிலும் வரும், கடைசியிலும் வரும். கன்ட்ரோல் ரூமில் பாதிக் காதோடு கேட்டுக்கொண்டிருப்பவர் முதல் முறையிலேயே ஸ்டுடியோவுக்கு மாறிவிடுவார். அவுட் கியூ அந்தப் பேக்கேஜில் ஒரே ஒருமுறை வரும் சொல்லாக இருக்க வேண்டும். செய்தியாளர் பெயரோ ஊர்ப் பெயரோ பாதுகாப்பானது. நடுவிலும் அந்தச் சொல் வருவதைத் தவிர்க்க முடியவில்லை என்றால் “இரண்டாவது முறை வரும்போது” என்று எழுதுங்கள்.

கடைசியில் படம் மிச்சம் இருக்கிறதா? குரல் முடிந்த அதே ஃப்ரேமில் படமும் முடிந்தால், எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு கறுப்புத் திரை வந்து போகும். குரலுக்குப் பின் இரண்டு மூன்று விநாடி படமும் சுற்றுச் சத்தமும் நீட்டித் தரச் சொல்லுங்கள். இது எடிட்டர் வேலை, ஆனால் ஐந்து நிமிட வேலை.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் மௌனம் வருகிறது என்றால் அது ஸ்கிரிப்ட் கோளாறு இல்லை. மைக் திறக்காதது, வாசிப்பவரின் காதுக்கருவியில் ஒலி வராதது போன்றவை. டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள், ஸ்கிரிப்டை மேலும் நோண்ட வேண்டாம்.

## அறிகுறி: சைன் ஆஃப் ஒட்டாமல் தொங்குகிறது

செய்தியாளர் சைன் ஆஃபில் முதலில் ஊரைப் பாருங்கள். அணை இருப்பது தேனி மாவட்டத்தில். அங்கே நின்றுகொண்டு பழக்கத்தில் “மதுரையிலிருந்து” என்று சொல்லியிருந்தால் அது தப்பு. திரையின் கீழே வரும் ஸ்ட்ராப்பில் “வைகை அணை” என்றும் குரலில் “மதுரை” என்றும் வந்தால் இன்னும் மோசம். நேரமில்லை என்றால் ஊரை வெட்டிவிட்டு “ஒளிப்பதிவாளருடன் செய்தியாளர்…” என்பதிலிருந்து மட்டும் ஓட விடலாம். அணைக்கே போகாமல் மதுரையில் உட்கார்ந்து குரல் மட்டும் கொடுத்திருந்தால் ஊர்ப் பெயரே வேண்டாம்.

சைன் ஆஃபுக்கு முந்தைய வரி அடுத்தது. “என்ன நடக்கும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்” என்று இருந்தால் யோசிக்காமல் வெட்டுங்கள். அந்த இடத்தில் அடுத்து நடக்கப்போவது ஒன்றைச் சொல்லலாம்: “நீர்மட்டம் 69 அடியைத் தொட்டால் மூன்றாவது எச்சரிக்கை வரும்.” இது மாறாத தகவல், எந்தப் புல்லட்டினிலும் நிற்கும். ஒரே நிபந்தனை, அதற்குள் 69 அடியைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டுவிட்டால் மறுபதிவு தவிர வேறு வழியில்லை.

வாசிப்பவரின் சைன் ஆஃப் வேறு விஷயம். கடைசிச் செய்தி என்ன என்று பார்க்காமல் டெம்ப்ளேட்டை ஒட்டுவதால்தான் இறப்புச் செய்தியை முடித்த கையோடு “இனிய இரவாகட்டும்” வருகிறது. இரண்டு வரி தயாராக வைத்திருங்கள். ஒன்று வழக்கமானது. மற்றொன்று “இத்துடன் செய்திகள் நிறைவடைகின்றன, வணக்கம்” என்று மட்டும் முடிவது. கடைசிச் செய்தி கனமானது என்றால் இரண்டாவது. வெள்ள நாளில் இரண்டிலும் ஒரு வரி சேர்க்கலாம்: “கரையோரம் இருப்பவர்கள் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம்.” யானைக்கல் தரைப்பாலத்தைத் தண்ணீர் தொடும் நாளில் அதைத் திரும்பச் சொல்வதில் தப்பில்லை.

## அறிகுறி: புல்லட்டின் நேரத்தைத் தாண்டுகிறது

சொல்லை எண்ணி நேரம் கணக்கிடுவதால் வருவது. விநாடிக்கு மூன்று சொல் என்ற கணக்கு ஆங்கிலத்துக்குப் போட்டது. ‘விடுக்கப்பட்டுள்ளது’ என்பது நமக்கு ஒரே சொல். உங்கள் வாசிப்பாளர் ஒருவரை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி நேரம் பாருங்கள், அவருக்கு அதுதான் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும்.

தாண்டினால் லீடுகளைச் சுரண்டாதீர்கள். கடைசிப் பகுதியில் வாசிப்பவர் குரலில் மட்டும் போகும் சின்னச் செய்தி ஒன்றை முழுதாக எடுத்துவிடுங்கள். எதை எடுக்கலாம் என்று புல்லட்டின் தொடங்கும் முன்பே ரன்டவுனில் குறித்து வைத்தால், ஓடும்போது கன்ட்ரோல் ரூம் யாரையும் கேட்கவே தேவையில்லை.

## அறிகுறி: ஸ்கிரிப்ட் நன்றாக இருக்கிறது, ஆனால் வாசிக்கலாமா என்று தயக்கம்

இது டெஸ்க் தனியாக முடிவெடுக்கும் இடம் இல்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையைப் பற்றிய செய்தி என்றால், போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயரை மட்டுமல்ல, முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என்று அடையாளம் தெரியவைக்கும் எதையும் வெளியிடத் தடை செய்கிறது. லீடில் பெயரை எடுத்துவிட்டாலும், செய்தியாளர் சைன் ஆஃபில் அந்தச் சின்ன ஊரின் பெயரைச் சொல்லியிருப்பார், படத்தில் பள்ளியின் பெயர்ப்பலகை ஓடும். லீட், குரல், படம், பைட், ஸ்ட்ராப், டிக்கர், சைன் ஆஃப் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் சந்தேகம் இருந்தாலும் தலைமைச் செய்தி ஆசிரியரைக் கூப்பிடுங்கள், அவர் வேண்டுமென்றால் வழக்கறிஞரைக் கேட்பார். பதில் வரும்வரை அந்தச் செய்தி ரன்டவுனிலிருந்து வெளியே இருக்கட்டும், ஏழு மணிக்கு இரண்டு நிமிடம்தான் பாக்கி என்றாலும்.